கப்பல் ஏறும் நாளை மட்டும் பார்த்தால் போதாது

"எண்ணெய்க் கப்பலுக்கு இரண்டாம் அதிகாரி தேவை. எல்லாச் சான்றிதழ்களும் நடப்பில் இருக்க வேண்டும்." கப்பல் வேலை விளம்பரங்களில் இந்த இரண்டாவது வரி தவறாமல் வரும். எந்த நாளில் நடப்பில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். விண்ணப்பிக்கும் நாளா, கப்பலில் ஏறும் நாளா, இறங்கும் நாளா? படித்து, தேர்வெழுதி, கடலில் காலம் கழித்துத் தகுதி பெற்ற இளைஞர்கள் பலர், இது புரியாததால் கடைசி வாரத்தில் வாய்ப்பை இழக்கிறார்கள்.

இறங்கும் நாள்தான் கணக்கு. கப்பல் ஊழியரின் தகுதிகளுக்கு அடிப்படை, எஸ்.டி.சி.டபிள்யூ. எனப்படும் 1978ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்பந்தம். அதன்படி ஒருவர் பணியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய சான்றிதழ் உயிரோடு இருக்க வேண்டும். கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அந்த நாட்டு ஆய்வாளர் ஏறி வந்து சான்றிதழ்களைக் கேட்கலாம். ஒரு அதிகாரியின் சான்றிதழ் காலாவதியாகி, அதனால் கப்பலின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அவர் முடிவு செய்தால், கப்பலையே நிறுத்தி வைக்கலாம். ஒரு கப்பல் ஒரு நாள் நின்றால் என்ன செலவாகும் என்று நிறுவனத்துக்குத் தெரியும். அதனால்தான் காண்ட்ராக்ட் முடியும் நாளையும் தாண்டிச் சில வாரங்கள் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மாற்று ஆள் வரத் தாமதமானால் அந்த வாரங்களும் கடலில்தான் கழியும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு இரண்டாம் அதிகாரி 2026 மார்ச் 1ஆம் தேதி கப்பல் ஏற வேண்டும். காண்ட்ராக்ட் ஆறு மாதம், ஒரு மாதம் கூடலாம் குறையலாம். அப்படியென்றால் செப்டம்பர் 30 வரை கப்பலில் இருக்க நேரலாம். நிறுவனம் அதற்கு மேல் ஒரு மாதம் மிச்சம் கேட்கிறது. ஆக அவருக்கான எல்லைக்கோடு அக்டோபர் 31. இனி ஒவ்வொரு தாளையும் இந்தக் கோட்டோடு ஒப்பிட வேண்டும்.

முதலில் சி.ஓ.சி. என்னும் தகுதிச் சான்றிதழ். ஐந்தாண்டு செல்லும். அவருடையது ஆகஸ்ட் 14இல் முடிகிறது, எனவே கோட்டைத் தொடவில்லை. கப்பல் வேறொரு நாட்டுக் கொடியில் பதிவாகியிருந்தால் அந்த நாடு தரும் ஒப்புதல் சான்றிதழும் வேண்டும். இந்திய சி.ஓ.சி. எந்த நாளில் முடிகிறதோ, அந்த நாளோடு ஒப்புதலும் முடிந்துவிடும். மூலத்தைப் புதுப்பிக்காமல் கிளையைப் புதுப்பிக்க வழியில்லை.

புதுப்பிப்பதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: உடல் தகுதி, பணித் தகுதி. பணித் தகுதியைக் காட்டப் பெரும்பாலோர் நம்புவது கடல் சேவையைத்தான். கடந்த ஐந்தாண்டில் மொத்தம் 12 மாதம், அல்லது புதுப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில் மூன்று மாதம். இரண்டும் இல்லாதவர், கரையில் நெடுநாள் தங்கிவிட்டவர், பயிற்சியோ தேர்வோ வழியாகத் தகுதியை மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கு நாளாகும்.

சீக்கிரமே புதுப்பித்தால் மிச்சமிருக்கும் மாதங்கள் வீணாகுமே என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். முடிவு நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் புதுப்பித்தால், பழைய முடிவு நாளிலிருந்தே அடுத்த ஐந்தாண்டைக் கணக்கிட ஒப்பந்தம் இடம் தருகிறது. நம் அதிகாரிக்கு அந்தச் சாளரம் பிப்ரவரி 14இல் திறக்கிறது. மார்ச் 1க்கு இரண்டு வாரமே இருக்கிறது. ஆவணங்களை ஜனவரியிலேயே தயாராக வைத்திருந்தால் நாள் இழப்பில்லாமல் முடிக்கலாம். கொடி நாட்டின் புதிய ஒப்புதல் வந்து சேராவிட்டாலும், விண்ணப்பித்ததற்கான ஆவணத்தைக் கப்பலில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் வரை பணிபுரிய அந்த நாடு அனுமதிக்கலாம்.

அடுத்தது பாதுகாப்புப் பயிற்சிகள். அதிகம் ஏமாற்றுபவை இவைதான். கடலில் உயிர் பிழைக்கும் பயிற்சி, தீயணைப்புப் பயிற்சி, அதிகாரிகளுக்கான உயிர்காப்புப் படகுப் பயிற்சி, மேம்பட்ட தீயணைப்பு ஆகிய நான்குக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறமை மங்கவில்லை என்று காட்ட வேண்டும். இது 2010ஆம் ஆண்டின் மணிலா திருத்தங்களில் வந்த விதி. பழைய சான்றிதழ்கள் பலவற்றில் முடிவு நாளே அச்சாகியிருக்காது. தேதி இல்லாததால் ஆயுளுக்கும் செல்லும் என்று எண்ணிக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். நம் அதிகாரி கடைசியாக ரிஃப்ரெஷர் முடித்தது 2021 ஜூன் 20. ஆகவே 2026 ஜூனில், கப்பலில் இருக்கும்போதே, அவை முடிந்துவிடும். இப்போதே ரிஃப்ரெஷருக்கு இடம் பிடிக்க வேண்டும். அடிப்படை முதலுதவி, தனிமனிதப் பாதுகாப்பு ஆகிய பயிற்சிகளுக்கு இந்த ஐந்தாண்டு விதி கிடையாது. அவற்றையும் திரும்பப் படிக்கச் சொல்லி யாராவது பணம் கேட்டால், எந்த விதிப்படி என்று கேளுங்கள்.

மருத்துவச் சான்றிதழ் அதிகபட்சம் இரண்டாண்டு, பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் ஓராண்டு. அவருடையது நவம்பர் 9 வரை செல்கிறது, கோட்டைத் தாண்டிவிட்டது. நடுக்கடலில் இது முடிந்துவிட்டால், அங்கீகாரம் பெற்ற மருத்துவர் கிடைக்கும் அடுத்த துறைமுகம் வரை, மூன்று மாதத்துக்கு மிகாமல் செல்லும் என்று சலுகை உண்டு. இது மருத்துவச் சான்றிதழுக்கு மட்டுமான சலுகை. மற்றவற்றுக்கும் இருக்கும் என்று நம்பிக் கிளம்புவது ஆபத்து.

பாஸ்போர்ட் 2027 ஜனவரி 20 வரை இருக்கிறது. பார்த்தால் போதும்போலத் தோன்றும். ஆனால் பல நாடுகள் தம் எல்லைக்குள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் மிச்சம் கேட்கின்றன. செப்டம்பர் கடைசியில் இறங்கி வீடு திரும்பும்போது நான்கு மாதம்கூட இருக்காது. இதையும் முன்கூட்டியே புதுப்பிப்பது நல்லது.

நேர்மாறான சங்கதி ஒன்றும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையில் 2013 முதல் 2023 வரை என்று எழுதியிருக்கிறது. ஆனாலும் அது செல்லும். 2016 ஜூலை 11 முதல், பழைய அட்டைகள் உட்பட எல்லாமே ஆயுள் முழுவதும் செல்லும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் விதி மாறிவிட்டது. முதன்முறை போடுபவருக்கு மட்டும், ஊசி போட்ட பத்து நாள் கழித்தே அட்டை நடைமுறைக்கு வரும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் போட்டால் பயனில்லை.

தேதியைச் சரிபார்த்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தேதி சரியாக இருந்தும் சான்றிதழ் செல்லாமல் போகலாம். அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தில் பெற்ற பயிற்சிச் சான்றிதழும், பதிவேட்டில் ஏறாத சான்றிதழும், இடைநிறுத்தப்பட்ட சி.ஓ.சி.யும் தாளில் அழகாகவே இருக்கும். இந்திய மாலுமி ஒவ்வொருவருக்கும் இண்டோஸ் எண் உண்டு. அந்த எண்ணை வைத்துக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் தன் பதிவுகளைப் பார்க்கலாம். நிறுவனங்களும் இப்படித்தான் சரிபார்க்கின்றன. கையிலுள்ள தாளில் இருக்கும் எண்ணும் தேதியும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பயிற்சி முடித்து வாரங்கள் ஆகியும் பதிவு ஏறவில்லை என்றால், பயிற்சி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கப்பல் ஏறும் வாரத்தில் கேட்டால் தீர்வு கிடைக்காது.

ஆள் எடுக்கும் ஏஜென்சிக்கும் செல்லுபடிக் காலம் உண்டு. ஆர்.பி.எஸ்.எல். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதையும் அதே தளத்தில் பாருங்கள். மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகமான சி.டி.சி., பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவை மாலுமி ஏற்கலாம். விசாவின் செலவு அவருடையது அல்ல. வேலை வாங்கித் தருவதற்கென்று கட்டணம் கேட்பதை 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் தடுக்கிறது.