சம்பள இரவில் எந்த அலாரம் அடிக்க வேண்டும்?

ஊழியர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கும் நிறுவனங்களில் சம்பளக் கணக்குப் பெரும்பாலும் இரவில்தான் ஓடும். வருகைப் பதிவு, விடுப்பு, ஓவர்டைம், பி.எஃப்., வருமான வரிப் பிடித்தம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நிரல் வரிசையாகக் கணக்கிடும். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஏதாவது கோளாறு என்றால் பணியில் இருப்பவருக்கு ஓர் அலர்ட் போகும். அந்த அலர்ட் எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

வழக்கமான விதி எளிது. இந்த வேலை தினமும் இருபது நிமிடத்தில் முடியும், நாற்பது நிமிடத்தைத் தாண்டினால் கூப்பிடு. மாதத்தின் மற்ற நாட்களுக்கு இது போதும். மாதக் கடைசியில் இதே விதி கெடுதலாகிவிடும். வேலையே பெரியது என்பதால் கோளாறு இல்லாமலே அலாரம் அடிக்கும். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் மாதம் யாராவது “சம்பள நாளில் இதை அணைத்து வைத்துவிடலாம்” என்பார். ஆக, வருடத்தில் மிகவும் தேவைப்படும் பன்னிரண்டு இரவுகளில் காவல் இல்லை.

சரி, மாதக் கடைசிக்கு மட்டும் வரம்பை மூன்று மணி நேரமாக உயர்த்திவிட்டால்? ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12,000 ஊழியர்கள். சம்பள நிரல் நிமிடத்துக்கு நூறு கணக்குகளை முடிக்கும். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். மூன்று மணி வரம்பு பொருத்தமாகத்தான் தெரிகிறது.

ஏப்ரல் மாதம் வருகிறது. சம்பள உயர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஜனவரியிலிருந்து அரியர்ஸ் தர வேண்டும். இப்போது ஒவ்வொருவருக்கும் நடப்பு மாதத்தோடு பழைய மூன்று மாதங்களையும் திரும்பக் கணக்கிட வேண்டும். தலைக்கு நான்கு கணக்கு, மொத்தம் 48,000. அதே வேகத்தில் எட்டு மணி நேரம் பிடிக்கும், அதிகாலை ஆறுக்கு முடியும். காலை பதினொரு மணிக்குள் வங்கிக்கு ஃபைல் போக வேண்டும். அதற்கு முன் கணக்குப் பிரிவு சரிபார்க்கவும், ஃபைல் தயாரிக்கவும், மேலதிகாரி ஒப்புதல் தரவும் மூன்று மணி நேரம் வேண்டும். அப்படியானால் கணக்கு காலை எட்டுக்குள் முடிந்தால் போதும். ஆறு மணிக்கு முடிவதில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் மூன்று மணி வரம்பு நள்ளிரவு ஒரு மணிக்கே அலாரம் அடித்துவிடும். அதே இரவில் கணினி உண்மையிலேயே மந்தமாகி, நிமிடத்துக்கு 67 கணக்குதான் ஓடுகிறது என்றால்? அப்போதும் அதே ஒரு மணிக்கு, அதே அலாரம். நல்ல ஓட்டத்துக்கும் கெட்ட ஓட்டத்துக்கும் ஒரே சத்தம் என்றால் அதைக் கேட்டு என்ன பயன்?

அதனால் ஓடிய நேரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முடிந்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். பத்துக்குத் தொடங்கிய வேலை பதினொன்றுக்கு 6,000 கணக்கைத் தொட்டிருக்க வேண்டும். 4,000தான் ஆகியிருக்கிறது என்றால், இந்த வேகத்தில் 48,000 முடிய பன்னிரண்டு மணி நேரமாகும், அதாவது காலை பத்து. கெடுவோ எட்டு. ஆகவே அலர்ட் இரவு பதினொன்றுக்கே போக வேண்டும், “ஒரு மணி நேரமாக ஓடுகிறது” என்று அல்ல, “இப்படியே போனால் காலை பத்தாகும்” என்று. தூக்கத்திலிருந்து எழுப்பப்படுபவருக்கு உருப்படியான செய்தி அதுதான்.

சராசரியை நம்பலாமே என்று சிலர் கேட்பார்கள். சம்பளம் வருடத்துக்குப் பன்னிரண்டு முறைதான் ஓடுகிறது. அதிலும் மார்ச்சில் வருடாந்திர வரிக் கணக்கு சேரும், சில மாதங்களில் அரியர்ஸ் சேரும், போனஸ் மாதம் தனி. ஒத்த மாதங்கள் நான்கைந்துகூடத் தேறாது. ஓட்ட நேரம் மாதத்துக்கு மாதம் தாவும். வேகம் அந்த அளவுக்குத் தாவாது என்பதால் அதை வைத்துக் கணிப்பது மேல். அதற்கும் எல்லை உண்டு. பழைய மாதக் கணக்கு, புது மாதக் கணக்கைவிட மெதுவாக ஓடலாம், ஆகவே அரியர்ஸ் மாதத்தின் வேகத்தை முந்தைய அரியர்ஸ் மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதே இரவில் வேறு எதுவும் ஓடுகிறதா என்றும் காலண்டரைப் பார்க்க வேண்டும். 2026 ஜனவரி 31 சனிக்கிழமை. சனிக்கிழமை இரவில் வாராந்திர பேக்கப் எடுக்கும் இடத்தில் இரண்டும் மோதிக்கொள்ளும்.

அளவு கூடினால் வேகம் குறையும் என்பது மட்டுமல்ல, எங்கோ வைத்த உச்சவரம்பு முட்டி வேலையே நின்றுபோகலாம். ஜப்பானின் மிசுஹோ வங்கியில் 2011 மார்ச்சில் நடந்தது அதுதான். நிலநடுக்கத்துக்குப் பின் ஒரு நிவாரணக் கணக்குக்கு நன்கொடைகள் குவிந்தன. அந்தக் கணக்குக்கு நிர்ணயித்திருந்த பரிவர்த்தனை வரம்பை அது தாண்டியதும் இரவு வேலை தடைப்பட்டது. காலைக்குள் முடிக்க முடியாமல் பணமாற்றங்கள் நாட்கணக்கில் தேங்கின, ஏ.டி.எம்.களையும் மூட வேண்டியதாயிற்று.

தாமதத்தைவிட எனக்கு அதிகம் பயம் தருவது சீக்கிரம் முடிகிற வேலைதான். ஓசூர் ஆலையிலிருந்து 800 பேரின் வருகைப் பதிவு ஃபைல் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் இருப்பதை வைத்துக் கணக்கிட்டு, கொஞ்சம் முன்னதாகவே முடித்துவிட்டு, திரையில் பச்சை விளக்கு காட்டும். நேரத்தை மட்டும் பார்ப்பவர் மகிழ்ச்சியாக இருப்பார். இதைப் பிடிக்கத் தொடங்கும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். போன மாதம் 12,000 பேர், விலகியவர் 90, சேர்ந்தவர் 130, எனவே இந்த மாதம் 12,040. வந்திருப்பது 11,240 என்றால் வேலையைத் தொடங்கவே கூடாது.

சில மென்பொருள்கள் இதைவிடக் குழப்பும். வருகைப் பதிவு இல்லாதவரை விட்டுவிடாமல், மாதம் முழுக்கச் சம்பளமில்லா விடுப்பு என்று எடுத்துக்கொள்ளும். தலை எண்ணிக்கை சரியாக 12,040 வரும், தொகைதான் குறையும். ஆகவே மொத்த நிகரச் சம்பளத்தையும், சம்பளம் பூஜ்யமாக வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவும் ஆலைவாரியாக. அரியர்ஸ் மாதத்தில் மொத்தத் தொகை எப்படியும் ஏறும், அந்த ஏற்றத்துக்குள் 800 பேரின் குறைவு தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.

அலர்ட் வந்தபின் என்ன செய்வது என்பதையும் ஒரு வாரம் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். ஐ.டி. பிரிவு மட்டும் உட்கார்ந்து பேசினால் போதாது, கணக்குப் பிரிவும் வேண்டும். நம் உதாரணத்தில் முதலில் பேக்கப்பை நிறுத்திப் பார்க்கலாம். அப்போதும் வேகம் ஏறாவிட்டால் அரியர்ஸை ஒதுக்கிவிட்டு நடப்புச் சம்பளத்தை மட்டும் ஓட்டலாம். மந்தமான வேகத்தில் அதற்கு மூன்று மணி நேரம். அரைகுறை ஓட்டத்தைத் துடைக்க அரை மணி. எட்டிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அதிகாலை நாலரை வருகிறது. அந்த முடிவை எடுக்க அதுதான் கடைசி நேரம். அரியர்ஸ் ஒரு வாரம் தாமதமானால் முணுமுணுப்பு வரும், சம்பளமே தாமதமானால் வீட்டு வாடகையும் கடன் தவணையும் நிற்கும். இரண்டில் எதை விடுவது என்று தீர்மானிப்பவரின் போன் நம்பர் அலர்ட்டிலேயே இருக்கட்டும்.

ஃபைல் வங்கிக்குப் போன பிறகும் ஒரு வேலை பாக்கி. மூடிய கணக்கு, தவறான ஐ.எஃப்.எஸ்.சி. போன்ற காரணங்களால் திரும்பி வருபவை எல்லா மாதமும் சில இருக்கும். புதிதாக 130 பேர் சேர்ந்த மாதத்தில் அது கூடுவதும் இயல்பு. ஒரே கிளையிலிருந்து மொத்தமாகத் திரும்பினால்தான் உடனே வங்கியைக் கூப்பிட வேண்டும். பதில் ஃபைல் மாலைக்குள் வரவே இல்லை என்றால் அதற்கும் ஓர் அலர்ட் வேண்டும். வராத ஃபைலில் பிழை எதுவும் தெரியாது.