பில்லின் அடியில் இருக்கும் அந்த ஒரு வரி

சின்னத் துணிக்கடைகளின் பில்லில் பெரும்பாலும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் விழுந்திருக்கும்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.’ ஏமாற்றுக்காரர்களை நினைத்து அடித்த முத்திரைதான் அது. ஆனால் நியாயமாக வருகிறவர்களையும் அதுவே வாசலில் நிறுத்திவிடுகிறது. போதாததற்கு, துணியில் குறை இருந்தால் அந்த வரி சட்டத்தின் முன் நிற்காது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். அதற்கான கெடு எத்தனை நாள் என்பதை பில்லில் எழுதலாம். எழுதாவிட்டால் சட்டமே 30 நாள் தருகிறது. அதனால் ‘முடியாது’ என்று முத்திரை குத்தும் கடைக்காரர், தன் விதியைத் தானே வகுத்துக்கொள்ளும் வாய்ப்பை வீணாக்குகிறார்.

சரி, திரும்ப வாங்கினால் எவ்வளவு நஷ்டம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிற்றூரில் சுடிதார், குர்தி விற்கும் கடை. மொத்த வியாபாரியிடம் 600 ரூபாய்க்கு வாங்கிய பீஸ் 900-க்கு விற்கிறது. வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். மாதம் 300 பீஸ் ஓடினால் 90,000 ரூபாய் நிற்கும். வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் 60,000 என்றால் கையில் மிஞ்சுவது 30,000. அந்த 300-ல் 18 பீஸ் திரும்பி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 18-ம் ஒரே ரகம் இல்லை. 13 பேருக்கு சைஸ் சேரவில்லை, அல்லது கலர் பிடிக்கவில்லை. வேறு பீஸ் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வந்ததை அயர்ன் செய்து கவர் மாற்றி மறுபடி விற்றுவிடலாம். பீஸுக்கு 15 ரூபாய் வைத்தாலும் செலவு 200-க்குள் அடங்கும். 3 பீஸில் உண்மையிலேயே குறை; தையல் விட்டிருக்கும், சாயம் போயிருக்கும். வாடிக்கையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு மொத்த வியாபாரியிடம் அனுப்பினால் அவர் இரண்டை ஏற்பார், ஒன்றைத் தள்ளுவார். அந்த வகையில் 1,500 ரூபாய் போகும். மீதி 2 பீஸ்தான் தலைவலி: விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டு, ‘பிடிக்கலை’ என்று கொண்டுவருபவை. மறுபடி விற்க முடியாது என்பதால் கொள்முதல் பணம் 1,200 ரூபாய் அப்படியே நஷ்டம்.

எல்லாம் சேர்த்து 2,900. கல்லாவில் இருப்பவருக்கு அது வலிக்கும் தொகைதான். ஆனால் வருடத்துக்குப் பத்து பீஸ் எடுக்கும் ஒரு குடும்பம் அந்தக் கடைக்குத் தரும் லாபம் 3,000. நியாயமாக வந்த 16 பேரில் மாதம் ஒரே ஒரு குடும்பம் மனம் கசந்து அடுத்த தெருவுக்குப் போனாலே, மறுத்து மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விட்டது. அதனால் விதியை அந்த இரண்டு பீஸை நோக்கி எழுத வேண்டும். மற்ற பதினாறும் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அதற்கு நல்ல கருவி டேக்தான். பல கடைகளில் டேக் கழுத்துக்கு உள்ளே தொங்கும். அதை மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்வந்துவிடலாம். அதையே பெரிய அட்டையாக, முன்பக்கம் வெளியே தெரிகிற இடத்தில், அறுத்தால் மறுபடி மாட்ட முடியாத பிளாஸ்டிக் பின்னால் குத்தினால், வீட்டில் போட்டுப் பார்க்கலாம். பந்தியில் உட்கார முடியாது. நேர்மையானவருக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. அதோடு, பீஸ் திரும்பி வந்ததும் அவர் எதிரிலேயே விரித்துப் பார்ப்பது நல்லது. கழுத்தில் பவுடர் கறை, அக்குளில் வாடை, மடியில் உட்கார்ந்த சுருக்கம் இருந்தால் சொல்லிவிடலாம். அவர் போன பிறகு கண்டுபிடித்துப் புலம்பிப் பயனில்லை.

கெடுவைக் குறைத்தால் ரிட்டர்ன் குறையும் என்று பலர் மூன்று நாள், ஐந்து நாள் என்று வைக்கிறார்கள். 2016-ல் ‘ஜர்னல் ஆஃப் ரீடெய்லிங்’ இதழில் வந்த ஆய்வு, அதற்கு முன் நடந்த பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து இதற்கு எதிரான முடிவுக்கு வந்தது: நாள் கூடுதலாகக் கொடுத்த இடத்தில் ரிட்டர்ன் குறைந்தது. அவசரம் இல்லாதபோது பொருள் வீட்டில் தங்கிவிடுகிறது, மனசும் ஒட்டிவிடுகிறது. நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. தீபாவளிக்குத் தங்கை மகளுக்கு இரண்டு வாரம் முன்பே எடுத்த துணி, பண்டிகை அன்றுதான் பிரிக்கப்படும். ஏழு நாள் கெடு அவருக்கு எந்த விதத்திலும் உதவாது. டேக் காவலுக்கு இருப்பதால், ‘தீபாவளி கழிந்து பத்து நாள் வரை’ என்று தைரியமாக எழுதலாம்.

சாயம் போகும் துணியில்தான் சண்டை அதிகம். ‘துவைத்த துணியை எடுக்க மாட்டோம்’ என்பார்கள். துவைத்தால்தானே சாயம் போவது தெரியும்? அதே லாட்டில் கடையில் இருக்கும் பீஸை எடுத்து, உள்மடிப்பில் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் விளங்கிவிடும். அதிலும் கலர் இறங்கினால் குறை துணியுடையது; பேச்சை வளர்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். சரக்கு வந்து இறங்கும் நாளிலேயே லாட்டுக்கு ஒன்றை இப்படிச் சோதித்துவிட்டால் மொத்த வியாபாரியிடம் உடனே திருப்பலாம். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் அவர் கைவிரிப்பார்.

பில் இல்லாமல் வருகிறவரை என்ன செய்வது? ஆடித் தள்ளுபடியில் 700-க்கு எடுத்ததை ஆவணியில் கொண்டுவந்து, 900 ரூபாய் மதிப்புக்கு மாற்றிக் கேட்பவர் உண்டு. பில் இருந்தால் பில்லில் உள்ள விலை. இல்லையென்றால் அந்த பீஸ் கடைசியாக விற்ற மிகக் குறைந்த விலைக்கு மாற்றித் தருவோம் என்று வைத்துவிட்டால், பில்லைத் தொலைத்தவர் வெறுங்கையோடு போக மாட்டார், தந்திரக்காரருக்கும் ஆதாயம் இருக்காது.

இவ்வளவையும் பில்லில் சில வரிகளில் சொல்லிவிடலாம்: ‘துணியில் குறை இருந்தால் 30 நாள் வரை பணம் திரும்பக் கிடைக்கும். சைஸ், கலர் மாற்ற 15 நாள். டேக் அறுக்காமல் கொண்டு வாருங்கள். பில் இல்லையென்றால் குறைந்த விற்பனை விலைக்கு மாற்றித் தருவோம். உள்ளாடையும் வெட்டிய துணியும் குறை இருந்தால் மட்டுமே எடுத்துக்கொள்வோம்.’ இதையே கல்லாவுக்கு மேலேயும் மாட்ட வேண்டும். பணம் கொடுத்த பிறகு கைக்கு வரும் பில்லில்தான் விதி முதல்முறையாகத் தெரிகிறது என்றால், அது வாங்குபவருக்குச் செய்யும் நியாயம் இல்லை.

உள்ளே இருந்து கசிவதும் உண்டு. வராத ரிட்டர்னை வந்ததாக எழுதி, கல்லாவிலிருந்து பணத்தை எடுப்பது எளிது. ஜிபேயில் வந்த பணத்தை ஜிபேயிலேயே திருப்புவது, பழைய பில்லில் குறுக்குக் கோடு போடுவது, வந்த பீஸைப் பார்த்து இன்னொருவர் கையெழுத்திடுவது என்று மூன்றையும் வழக்கமாக்கினால் அது பெருமளவு அடைபடும். ஜிஎஸ்டி கட்டும் கடை, பணம் திருப்பும்போது கிரெடிட் நோட்டும் போட வேண்டும். இல்லையென்றால் நடக்காத விற்பனைக்கு வரி போய்விடும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வேண்டும்: தேதி, பில் எண், போன் எண், எந்த பீஸ், ஏன் வந்தது. மாதக் கடைசியில் புரட்டினால், ஒரே மொத்த வியாபாரியின் எல் சைஸ் மட்டும் திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். அங்கே கோளாறு வாடிக்கையாளரிடம் இல்லை, லேபிளில். ஒரே போன் எண் ஆறு மாதத்தில் நான்கு முறை வந்திருந்தால், அடுத்த முறை கடைப் பையனைப் பேசவிடாமல் முதலாளியே, “அக்கா, இந்தத் தடவை இங்கேயே போட்டுப் பாத்து எடுத்துக்குங்க, இதுக்கு மாத்தித் தர முடியாது” என்று பில் போடுவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.