இயந்திரம் கூறும் நகைச்சுவை பிசகும் இடங்கள்

கணிப்பொறியே கட்டுரையும் கடிதமும் எழுதித் தரும் காலம் இது. 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சாட்ஜிபிடி என்னும் உரையாடல் இயந்திரம் பொதுமக்களின் உபயோகத்திற்கு வந்தது. அதன் பின்னர், தம் கைக்கு வரும் கட்டுரையையோ மனுவையோ எழுதியவர் மனிதர்தாமா என்னும் ஐயம் ஆசிரியர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் எழுவது இயல்பாகிவிட்டது. பிழையற்ற நடை இதற்கு விடை தராது. நன்கு கற்ற மாணவனும் பிழையின்றி எழுதுவான். நகைச்சுவை, குத்தல் மொழி, மரபுத்தொடர் ஆகிய மூன்றையும் போலியாகச் செய்தல் கடினம் என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறு கருதுவதற்குக் காரணம் யாது என்பதையும், அவ்வடையாளங்களை எம்மட்டில் நம்பலாம் என்பதையும் இங்குக் காண்போம்.

இத்தகைய இயந்திரம் கோடிக்கணக்கான பக்கங்களில் சொற்கள் ஒன்றையொன்று தொடரும் முறையைக் கற்றுக்கொள்கிறது; பின்னர், எழுதிய சொற்களை அடுத்து எது வரக்கூடும் என்று கணித்து, ஒவ்வொரு சொல்லாக இட்டுச் செல்கிறது. ஆகவே பலரும் பலமுறை எழுதியதை அது எளிதில் எழுதிவிடும். நகைச்சுவையோ கேட்பவர் எதிர்பார்த்த வழியை விட்டுத் திடீரெனத் திரும்புவது. ஆயினும் திரும்பிய இடம் பொருத்தமாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் புதிதாகச் சேர்ப்பதில்தான் இயந்திரம் இடறுகிறது.

2023-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்களாகிய சோஃபி யென்ச், கிறிஸ்டியன் கெர்ஸ்டிங் ஆகிய இருவரும் இதனைச் சோதித்தனர். அக்காலத்துச் சாட்ஜிபிடியை ஆங்கிலத்தில் வேடிக்கைத் துணுக்கு கூறுமாறு மீண்டும் மீண்டும் கேட்டு, 1008 விடைகளைப் பெற்றனர். அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை அதே 25 துணுக்குகளாகவே இருந்தன. அவையும் இயந்திரம் புதிதாகப் புனைந்தவை அல்ல என்றும், பெரும்பாலும் முன்னரே வழங்கி வந்தவை என்றும் அவர்கள் முடிவு செய்தனர்.

அவற்றுள் ஒன்றைத் தமிழில் பெயர்த்துப் பார்ப்போம். வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மைக்குப் பரிசு கிடைத்தது ஏன் என்பது கேள்வி. அது தன் துறையில் தலைசிறந்து விளங்கியது என்பது விடை. தமிழில் இது சிரிப்பை உண்டாக்குவதில்லை. ஆங்கிலத்தில் ‘ஃபீல்டு’ என்னும் சொல் வயலையும் குறிக்கும், தொழில் துறையையும் குறிக்கும். ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்னும் சொல் சிறந்து விளங்குவதைக் குறிக்கும், பிரித்துச் சொன்னால் வெளியே நிற்பதையும் குறிக்கும். இந்த இரட்டைப் பொருளே அத்துணுக்கின் அச்சாணி. தமிழுக்கு வரும்போது வண்டி வந்து சேர்கிறது, அச்சாணி வரவில்லை. தமிழ்ச் சிலேடைக்கு வேறு அச்சாணி வேண்டும். ‘மாலை’ என்பது பொழுதும் ஆகும், பூந்தொடையும் ஆகும்; ‘ஆறு’ என்பது எண்ணும் ஆகும், நதியும் ஆகும். தமிழில் எழுதிய ஒரு துணுக்கில் இரட்டைப் பொருள் தரும் சொல் ஒன்றும் இல்லாமல், ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னால் மட்டும் அது புலப்படுமாயின், அத்துணுக்கு வேற்று மொழியிலிருந்து இறங்கியது என்று கொள்ளலாம்.

குத்தல் மொழியின் நிலை இதனினும் நுட்பமானது. அதன் பொருள் சொல்லில் இல்லை. சொல்லுக்கு வெளியே, இருவரும் அறிந்த செய்தியில் இருக்கிறது. புறநானூற்றின் 95-ஆம் பாட்டு இதற்குச் சிறந்த சான்று. அதியமானின் சார்பில் தூது சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது வரலாறு. அங்குள்ள கருவிகள் பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவலுடன் விளங்குகின்றன என்றும், அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனது சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்றும் ஔவையார் கூறினார். சொல்லளவில் தொண்டைமானுக்குப் புகழ், அதியமானுக்கு இகழ். போர் செய்த கருவியே முறியும் என்பதை அறிந்தவருக்கு அப்பொருள் தலைகீழாகிறது. இதனை வஞ்சப்புகழ்ச்சி என்று அணி நூலார் வகுத்தனர்.

இன்றைய மனுவிலும் இதே முறை உண்டு. எங்கள் தெருவுக்குக் குடிநீர் வாரம் ஒரு முறை வந்து நலம் விசாரித்துச் செல்கிறது என்று ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். வாரம் ஒரு முறை என்பது குறை என்பதை எழுதியவரும் படிப்பவரும் அறிவர். ஆகவே விளக்கம் தேவையில்லை. இயந்திரம் எழுதும் குத்தலோ பல வேளைகளில் தன்னைத் தானே விளக்கத் தொடங்குகிறது. நலம் விசாரிப்பது போல் அரிதாகவே தண்ணீர் வருகிறது என்பதே இதன் பொருள் என்று அடுத்த வரியில் எழுதிவிடுகிறது. எந்தத் தெருவுக்கும் பொருந்துமாறு பொதுவாகக் கேலி செய்வதும் அதன் வழக்கம். கேலி குறிப்பிட்ட ஆளையோ பொருளையோ சென்று தைக்காவிட்டால், அதன் பின்னே அனுபவம் இல்லை என்று ஐயுறலாம்.

மரபுத்தொடரில் பிசகு இடத்தால் வெளிப்படும். பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையம் போன்ற பகுதிகளில் தமிழ் பேசுவோரும் கன்னடம் பேசுவோரும் அருகருகே வாழ்கின்றனர். ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்னும் கன்னடத் தொடரை அங்கு அறியாதவர் இலர். சற்று அனுசரித்துக் கொள்ளுங்கள் என்பது அதன் நேர்ப்பொருள். பேருந்தில் இருவர் அமர்ந்துள்ள இருக்கையில் மூன்றாமவர் இடம் கேட்கும்போது அது வேண்டுகோள். சில்லறை இல்லாத கடைக்காரர் கூறும்போது அது சமாதானம். முழங்கால் அளவு மழைநீரில் நிற்பவரிடம் அண்டை வீட்டார் கூறும்போது அது கேலி. மூன்றிலும் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது. ஊரின் அடையாளம் என்று மட்டும் அறிந்து அத்தொடரை வாழ்த்துரையிலோ வரவேற்பிலோ ஒட்டவைத்தால், விட்டுக்கொடுக்க எதுவும் இல்லாமையால் அது அந்தரத்தில் தொங்கும்.

எனினும் இவ்வடையாளங்களுக்கு எல்லை உண்டு. 2023-க்குப் பின் வந்த இயந்திரங்கள் முன்னவற்றினும் திறமை மிக்கவை; ஊரின் செய்திகளைக் கொடுத்து எழுதச் சொன்னால் அவை தைக்கும்படியும் எழுதக்கூடும். மறுபுறம், மனிதரும் பழைய துணுக்கைத் திருப்பிச் சொல்வர். வேற்றுமொழித் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பர். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் பயிலும் மாணவனிடம் இப்பிசகு மிகுதியாகக் காணப்படலாம். அதனை மட்டும் கொண்டு அவன்மீது குற்றம் சாட்டுதல் தகாது.

ஐயம் எழுந்தால் எழுதியவரையே நேரில் வினவுதல் நலம். இந்த வரியில் நகைப்பு எங்கே இருக்கிறது, இது யாரை அல்லது எதனைக் குறிக்கிறது, ஏன் இவ்வாறு எழுதத் தோன்றிற்று என்று கேட்க வேண்டும். இக்கேள்விகளை இயந்திரத்திடமே இட்டுப் பயனில்லை. முற்கூறிய ஆராய்ச்சியில், வேடிக்கையே இல்லாத வாக்கியத்திற்கும் இயந்திரம் ஒரு விளக்கத்தைக் கற்பித்துக் கூறியது. தானே எழுதிய மாணவனோ தான் கண்ட குழாயையும் குடத்தையும் வரிசையில் நின்ற பாட்டியையும் சுட்டிக் காட்டுவான். சில வேளை, சும்மா எழுதினேன் ஐயா, அதில் ஒன்றும் இல்லை என்றும் ஒப்புக்கொள்வான். அவ்விரு விடைகளுள் எது வரினும், எழுத்தை மட்டும் ஆராய்ந்து பெறும் முடிவைவிட அது நம்பத்தக்கது.