ஒரே அச்சில் எல்லா அறிவிப்பும்

பெங்களூரு அல்சூரில் தமிழ் பேசுவோரும் கன்னடம் பேசுவோரும் அருகருகே வாழ்கிறார்கள். அங்கே ஓர் அக்கா டியூஷன் சென்டர் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். தேர்வு, விடுமுறை, புதிய சேர்க்கை என்று அவர் வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் படங்கள் அனுப்புகிறார்.

இன்று சிவப்புப் படம். நாளை பச்சைப் படம். எழுத்தும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி. இது யாருடைய அறிவிப்பு என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை. பார்க்காமல் தள்ளிவிடுகிறார்கள். பிள்ளை தேர்வைத் தவறவிடுகிறது.

இதற்கு வழி என்ன? டெம்ப்ளேட் செய்வதுதான். டெம்ப்ளேட் என்றால் முறுக்கு அச்சு போன்றது. அச்சு மாறாது. மாவு மட்டும் மாறும். சென்டர் பெயரும் போன் நம்பரும் மாறாதவை. தலைப்பும் தேதியும் நேரமும் மாறுபவை.

முதலில் போனில் உள்ள படம் செய்யும் செயலியில் சதுரப் படம் ஒன்றைத் திறக்க வேண்டும். அகலம் 1080, உயரம் 1080 பிக்சல் போதும். மேலே பெயர், நடுவே செய்தி, கீழே போன் நம்பர் என்று இடம் பிரிக்கலாம்.

நிறம் மூன்று போதும். வெள்ளைத் தரை, கருநீல எழுத்து, தேதிக்கு ஒரு மஞ்சள் பட்டை. பட்டையின் மேல் கருநீலத்தில் எழுதலாம். வெள்ளையில் மஞ்சள் எழுத்து தெரியாது. போன் வெளிச்சத்தைக் குறைத்து, கையை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். தெரியவில்லை என்றால் நிறத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. கருநீலத்துக்கு #12355B என்று வைத்தால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே நீலம் கிடைக்கும்.

இனி எழுத்து. ஆங்கில எழுத்துரு பலவற்றில் தமிழும் கன்னடமும் இருக்காது. வெறும் கட்டங்கள் தெரியலாம். அல்லது வேறு எழுத்துரு வந்து கலந்துவிடும். Noto Sans Tamil, Noto Sans Kannada என்ற இரண்டும் இலவசம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால் சேர்த்து வைத்தால் பொருந்தும். தலைப்புக்குத் தடித்த எழுத்து, மற்றதற்குச் சாதாரண எழுத்து. வேறு எதுவும் வேண்டாம்.

அச்சைச் சோதிக்க, மிக நீளமான செய்தியை முதலில் போட்டுப் பாருங்கள். "பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் மாதிரித் தேர்வு" என்பது அடங்கினால் "நாளை விடுமுறை" என்பதும் அடங்கும். அடங்காவிட்டால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டாம். சொல்லைக் குறையுங்கள்.

பெரிய ஆபத்து ஒன்று உண்டு. போன மாதப் படத்தையே திருத்தினால் பழைய தேதி அப்படியே தங்கிவிடும். பெற்றோர் தவறான நாளில் வந்து நிற்பார்கள். எனவே அச்சில் உண்மையான தேதியை எழுதக் கூடாது. "00-00, கிழமை?" என்று எழுதி வையுங்கள். மாற்ற மறந்தால் உடனே கண்ணில் படும்.

ஒவ்வொரு முறையும் அச்சை நகல் எடுத்து, நகலில் மட்டும் எழுதுங்கள். அனுப்பும் முன் தேதியையும் கிழமையையும் காலண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.