மாதவிடாய்க்கும் குழந்தைப்பேற்றுக்கும் விற்கப்படும் பொடிகள்: பொட்டலத்துக்குள் இருப்பது என்ன?

எங்கள் மகளிர் நலப் பிரிவுக்கு வரும் பெண்களிடம், வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா என்று நாங்கள் தவறாமல் கேட்கிறோம். பலர் முதலில் இல்லை என்பார்கள். நாட்டு மருந்தும் இல்லையா என்று மறுபடி கேட்டால், மடித்த காகிதப் பொட்டலமோ, பெயரில்லாத பிளாஸ்டிக் டப்பாவோ பையிலிருந்து வெளியே வரும். மாதவிடாய் சீராக வருவதற்கு, கருப்பை வலுப்பெறுவதற்கு, குழந்தை தங்குவதற்கு என்று சொல்லி விற்கப்பட்ட பொடிகள் அவை. அத்தகைய பொடிகளைப் பற்றியே இங்கு விளக்குகிறோம்.

சவ்வாது மலையில் மூலிகை அறிவு பழமையானது. வீட்டில் சாப்பிடும் வெந்தயமும் எள்ளுருண்டையும் கருப்பட்டியும் இக்கட்டுரையின் பொருள் அல்ல. பதிவு பெற்ற சித்த மருத்துவர் நாடி பார்த்து எழுதித்தரும் மருந்தும் வேறு வகை. அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார். சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் வாங்கியவை, தொலைபேசியில் பேசியபின் தபாலில் வந்தவை, யார் செய்தது, எதைக் கொண்டு செய்தது என்று தெரியாதவை ஆகியவையே எங்கள் கவலைக்குக் காரணம். அவற்றில் பச்சிலை மட்டுமே இருக்கிறது என்பதற்கு விற்பவரின் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை.

நியூயார்க்கில் தெரியவந்த செய்தி

இந்தப் பொடிகளில் என்ன இருக்கக்கூடும் என்பதைத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு ஒன்று அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 2011, 2012 ஆம் ஆண்டுகளில் நடந்தது. அந்த மாநிலத்தில், கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் மருத்துவர்கள் அவர்களுக்குக் காரீயம் உடலில் சேரும் வாய்ப்பு உண்டா என்று கேட்டறிய வேண்டும் என்பது சட்டம். அவ்வாறு கேட்டபோது, வெளிநாட்டில் பிறந்து அங்கே குடியேறிய ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருப்பது தெரிந்தது. நகரச் சுகாதாரத் துறை காரணத்தைத் தேடியபோது, அவர்கள் அனைவரும் இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மருந்துகளை வாய்வழியே உட்கொண்டிருந்தனர்.

அவர்களின் இரத்தத்தில், 100 மில்லிலிட்டருக்கு 16 முதல் 64 மைக்ரோகிராம் வரை காரீயம் இருந்தது. 5 மைக்ரோகிராமை எட்டினாலே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வழிகாட்டுதல். சோதித்த மருந்துகளுள் ஒன்றில் காரீயம் எடையில் 2.4 விழுக்காடு வரை இருந்தது. மூலிகை மருந்துகளுக்கு நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட காரீய அளவு பத்து இலட்சத்தில் 10 பங்கு. 2.4 விழுக்காடு என்பது அதைப்போல 2,400 மடங்கு. சில மருந்துகளில் பாதரசமும் ஆர்செனிக் நஞ்சும் கூட இருந்தன.

அந்த ஆறு பெண்களும் வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்தவர்கள். ஒரு கேள்வி கேட்கப்பட்டதனால்தான் உண்மை வெளிப்பட்டது. எங்கள் பிரிவிலும் அதே கேள்வியைக் கேட்பதன் காரணம் இதுவே.

காரீயம் எப்படி உள்ளே வருகிறது?

இரு வழிகள் உண்டு. ஒன்று, தெரிந்தே சேர்ப்பது. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் உலோகங்களையும் தாதுக்களையும் சுத்தி செய்து, புடமிட்டு, பற்பமாகவும் செந்தூரமாகவும் பயன்படுத்தும் முறை உண்டு. அம்முறையைக் கற்றவர்கள் அளவும் காலமும் பத்தியமும் வகுத்தே அவற்றைத் தருவார்கள். கல்லாதவர் அரைகுறையாகச் செய்து, மூலிகைப் பொடியில் கலந்து, நாளுக்கு இரண்டு கரண்டி என்று கொடுத்தால் அதே பொருள் நஞ்சாகிறது. மற்றொன்று, தெரியாமல் சேர்வது: மாசுபட்ட மண்ணில் விளைந்த செடி, தரமற்ற அரவை இயந்திரம், நிறத்துக்காகச் சேர்க்கும் சாயம் ஆகியவற்றின் வழியாகவும் காரீயம் வரும்.

உறையில் பெயர்கள் அச்சிட்டிருந்தால் சிலவற்றை அடையாளம் காணலாம். ரசம் என்பது பாதரசம். இலிங்கமும் பாதரசம் கலந்த தாதுவே. தாளகம், மனோசிலை இரண்டும் ஆர்செனிக் கலந்தவை. நாகம் என்ற சொல் குழப்பம் தரும்: சித்த மருத்துவத்தில் அது துத்தநாகத்தைக் குறிக்கும், ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்றால் காரீயம். கருத்தரிக்க முயலும் பெண்ணும் கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும், இப்பெயர்களைக் கண்டால் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது.

ஒரு கணக்கு

உடலில் நடப்பதை விளக்க ஒரு பெண்ணைக் கற்பனையாக எண்ணிப் பார்ப்போம். வயது 26. திருமணமாகி மூன்றாண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஒருவர் கொடுத்த பொடியைக் காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி வீதம் சாப்பிடத் தொடங்குகிறார். ஒரு கரண்டிக்கு 3 கிராம் என்று கொண்டால், நாளொன்றுக்கு 6 கிராம். அப்பொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே காரீயம் இருந்தாலும், அவர் நாள்தோறும் 6 மில்லிகிராம் காரீயத்தை விழுங்குகிறார். காரீயம் நாவுக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது.

சில வாரங்களில் வயிறு அவ்வப்போது பிடித்து இழுக்கிறது. மலச்சிக்கல் உண்டாகிறது. உடல் சோர்கிறது; தலை வலிக்கிறது. மருந்து கழிவை வெளியேற்றும்போது அப்படித்தான் இருக்கும் என்று விற்றவர் சொல்கிறார். இரத்தப் பரிசோதனையில் சோகை தெரிகிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் எதிர்பார்த்தபடி ஏறவில்லை. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருள் உருவாவதையே காரீயம் தடுக்கிறது என்பதுதான் காரணம். மலைப்பகுதிப் பெண்களிடம் சோகை பொதுவாகவே காணப்படுவதால், இதுவும் அதுபோல என்று எண்ணி விடுவது எளிது.

நான்காம் மாதத்தில் அவர் கருவுறுகிறார். பொடி பலித்தது என்று வீட்டில் மகிழ்கிறார்கள். ஆனால் உடலில் சேர்ந்த காரீயத்தின் பெரும்பகுதி எலும்பில் தங்கியிருக்கிறது. கர்ப்ப காலத்தில் குழந்தைக்காகத் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரையும்போது காரீயமும் இரத்தத்துக்கு வருகிறது. நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைகிறது. கருச்சிதைவு, குறைமாதப் பிறப்பு, எடைக்குறைவு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுவது பிறந்தவுடன் தெரியாது. பள்ளிப் பருவத்தில்தான் வெளிப்படும். எனவே கர்ப்பம் உறுதியான பின் பொடியை நிறுத்துவது போதாது. முன்பு சாப்பிட்டதையும் எங்களிடம் சொல்ல வேண்டும்.

பொடி பலித்தது என்று தோன்றுவது ஏன்?

கருத்தடை இன்றி வாழும் தம்பதியருள் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஓராண்டுக்குள் கருத்தரிக்கிறார்கள். மீதமுள்ளோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டாம் ஆண்டில் மருந்தே இன்றிக் கருத்தரிக்கிறார்கள். அந்த நாட்களில் எந்தப் பொடியைச் சாப்பிட்டாலும் பெயர் அதற்கே போகும். சீரற்ற மாதவிடாயும் அத்தகையதே: இரண்டு மாதம் நின்றது மூன்றாம் மாதம் தானாக வரலாம். பலிக்காதவர்கள் வெளியே சொல்வதில்லை. காரணம் கணவரின் விந்தணுக் குறைவாகவோ கருக்குழாய் அடைப்பாகவோ இருந்தால், மனைவி எத்தனை பொடி சாப்பிட்டாலும் காலம்தான் கழியும்.

சட்டம் சொல்வது

மருந்து மற்றும் மந்திர சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டம் 1954 இல் வந்தது. பெண்களின் மாதவிடாய்க் கோளாறுகளைச் சரிசெய்யும் என்றும், மலட்டுத்தன்மையைப் போக்கும் என்றும் எந்த மருந்தையும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை அது தடை செய்கிறது. ஆகவே சுவரொட்டியிலும் துண்டுச்சீட்டிலும் அத்தகைய உறுதிமொழியைக் கண்டால், அந்த உறுதிமொழியே முதல் எச்சரிக்கை.

முறையாகத் தயாரித்து விற்கப்படும் சித்த, ஆயுர்வேத மருந்தின் உறையில் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும், தயாரித்த நாளும், காலாவதி நாளும், சேர்ந்துள்ள பொருள்களின் பட்டியலும் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். எல்லாம் இருந்தாலும் அது உங்களுக்குப் பொருந்தும் என்பதற்கு உறை உத்தரவாதம் அல்ல. நியூயார்க்கில் சோதித்தவற்றுள் நிறுவனங்கள் தயாரித்த மருந்துகளும் இருந்தன. சித்த மருத்துவமே வேண்டும் என்போர், அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ள சித்த மருத்துவப் பிரிவை நாடலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

பொடியையோ லேகியத்தையோ ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், மீதியைக் கொட்டிவிடாமல் உறையோடு கொண்டு வாருங்கள். எப்போது தொடங்கினீர்கள், நாளுக்கு எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள். உங்களைக் கடிந்துகொள்ள நாங்கள் இதைக் கேட்பதில்லை. தேவையானால் இரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்க ஏற்பாடு செய்வோம். அளவு மிகுந்திருந்தால் முதல் சிகிச்சை பொடியை நிறுத்துவதே. சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் குறையாமல் பார்த்துக்கொள்வோம். மிக அதிகமாயின், காரீயத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்தைப் பெரிய மருத்துவமனையில் தர வேண்டியிருக்கும்.

மாதவிடாய் தள்ளிப்போனால், வரவழைக்கும் மருந்து எதையும் சாப்பிடுமுன் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். கரு கருக்குழாயில் தங்கியிருந்தாலும் மாதவிடாய் தள்ளித்தான் போகும். அந்நிலையில் அடிவயிற்றில் ஒரு பக்கம் வலியோ, மயக்கமோ, சிறிது உதிரப்போக்கோ இருந்தால், மருந்து வேலை செய்கிறது என்று காத்திருக்கக் கூடாது. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கொட்டும். மலையிலிருந்து இறங்கிவர ஆகும் நேரத்தையும் கணக்கில் கொண்டு, அப்போதே புறப்படுங்கள்.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால், மனைவிக்கு 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதங்களிலேயே, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வாருங்கள். விந்துப் பரிசோதனையையும் மாதவிடாய் விவரத்தையும் கொண்டுதான் நாங்கள் தொடங்குவோம். மாதவிடாய் நாட்களை நாட்காட்டியில் குறித்துக் கொண்டு வந்தால், முதல் நாளிலேயே பாதி விவரம் எங்களுக்குக் கிடைத்துவிடும்.