லிஃப்ட் நின்றால் எத்தனை மணிக்குள் வருவார்கள்?

அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'புகார் கிடைத்ததும் விரைந்து சரிசெய்யப்படும்' என்று எழுதியிருந்தால், சண்டைக்கு அன்றே விதை போட்டாயிற்று. குடியிருப்போருக்கு விரைவு என்றால் ஒரு மணி நேரம். நிறுவனத்துக்கு மறுநாள் காலை. இரண்டு பேரும் ஒரே கடிகாரத்தைப் பார்க்கும்படி அந்த வரியை எழுதுவதுதான் சேவைத்தர ஒப்பந்தம், அதாவது எஸ்எல்ஏ.

முதலில் இரண்டு நேரங்களைப் பிரிக்க வேண்டும். டெக்னீஷியன் வந்து சேரும் நேரம் ஒன்று. லிஃப்ட் மறுபடி ஆட்களை ஏற்றிச் செல்லும் நேரம் இன்னொன்று. வந்து சேர்வதற்குக் கெடு வைப்பது எளிது. பழுது நீங்குவது உதிரிபாகத்தைப் பொறுத்தது என்பதால், அதற்குத் தனிக் கெடு வேண்டும். 'பதில் அளித்தல்' என்று மட்டும் எழுதினால், புகார் எண்ணோடு வரும் குறுஞ்செய்தியைக்கூட பதிலாகக் காட்டிவிடலாம். 'டெக்னீஷியன் வந்து, வாட்ச்மேனின் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திடுவது' என்று எழுதினால் அந்த வழி அடைபடும்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வேலை நேரம் திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் மாலை 6 வரை என்று ஒப்பந்தம் சொன்னால், சனி இரவு கொடுத்த புகாருக்கு இரண்டு மணி நேரக் கெடு திங்கள் காலை 11 மணிக்குத்தான் முடியும். உள்ளே ஆள் சிக்கிக்கொண்ட புகாருக்கு இரவு பகல் பாராத தனிக் கெடு அதனால்தான் தேவை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிஃப்டுக்கு மாதக் கட்டணம் 5,000 ரூபாய். எந்த நாளானாலும் இரண்டு மணி நேரத்துக்குள் வர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் 2 சதவீதம் கழிவு. மணியின் ஒரு பகுதியும் முழு மணியே. லிஃப்ட் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால், அடுத்த ஒவ்வொரு 24 மணிக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 10 சதவீதம். உதிரிபாகத்துக்குச் சங்கம் ஒப்புதல் தரும்வரை உள்ள நேரம் கணக்கில் சேராது.

சனி இரவு 8.10க்குப் புகார். டெக்னீஷியன் வந்தது 11.40க்கு. கெடுவுக்கு மேல் ஒன்றரை மணி நேரம். கணக்கில் இரண்டு மணி. கழிவு 200 ரூபாய். கதவுப் பூட்டின் பாகம் உடைந்திருக்கிறது. 12.20க்குக் கொட்டேஷன் அனுப்புகிறார். சங்கச் செயலாளர் ஒப்புதல் தந்தது ஞாயிறு மாலை 6 மணிக்கு. திங்கள் பகல் 1 மணிக்கு லிஃப்ட் ஓடுகிறது.

மொத்தம் நின்றது 40 மணி 50 நிமிடம். ஒப்புதலுக்குக் காத்திருந்த 17 மணி 40 நிமிடத்தைக் கழித்தால் 23 மணி 10 நிமிடம். இரண்டாவது கழிவுக்கு இடமில்லை. கொட்டேஷன் போன நேரத்தையும் ஒப்புதல் வந்த நேரத்தையும் குறித்திருக்காவிட்டால், அந்த 500 ரூபாய்க்காக மாதக்கணக்கில் வாக்குவாதம் நடக்கும்.

சராசரியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒன்பது புகாருக்கு அரை மணியில் வந்து, பத்தாவதுக்குப் பத்து மணி நேரம் கழித்து வந்தாலும், சராசரி 87 நிமிடம்தான். இரண்டு மணிக் கெடுவுக்குள் அடங்கிவிடும். எனவே கெடு ஒவ்வொரு புகாருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். அதே பழுது ஏழு நாளுக்குள் திரும்பினால் பழைய புகாரே தொடர்வதாகக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டுவேலை செய்துவிட்டுக் கணக்கை மூடிவிடலாம்.

கழிவுத் தொகையை மிரட்டலுக்காக ஏற்றி எழுதுவதில் பயனில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும். மாதக் கட்டணத்தில் 30 சதவீதம் போன்ற ஓர் எல்லை வைத்து, கழிவு அடுத்த பில்லில் தானாகக் குறையும் என்று எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவரும். எல்லையை மூன்று மாதத்தில் இருமுறை தொட்டால், சங்கம் 30 நாள் முன்னறிவிப்புடன் விலகி, மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் சேர்க்கலாம். பணத்தால் ஈடாகாத சேவைக்கு விலகும் உரிமையே மருந்து.

கையெழுத்துக்கு முன் ஒரு சோதனை உண்டு. போன வருடப் புகார்ப் பதிவேட்டில் ஒரு மாதத்தை எடுத்து, செயலாளர் ஒரு பக்கமும் நிறுவனத்தின் ஆள் ஒரு பக்கமும் தனித்தனியாகக் கழிவைக் கணக்கிடட்டும். இரண்டு விடையும் ஒரே ரூபாயில் வந்து நிற்காவிட்டால், எந்த வரியில் பிரிந்தார்களோ அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும்.