முக்கோணத்துக்கு நூற்றுமுப்பது காலடி நடை

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் நோக்கி இரவில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். டேஷ்போர்டில், அலைகளின் மேல் நிற்கும் வெப்பமானி போன்ற சின்னம் சிவப்பாக எரிகிறது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. அடுத்த பெட்ரோல் பங்க் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குள் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடக்கூடும்.

ஏசியை அணைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பலர் உடனே நான்கு விளக்குகளையும் மினுக்கவிடுகிறார்கள். இடப்புறம் ஒதுங்கும் வரை அது வேண்டாம். ஹசார்டு லைட் எரியும்போது இடது இண்டிகேட்டர் பின்னால் வருபவருக்குத் தெரியாது. நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று லாரிக்காரர் எப்படி அறிவார்? இடது இண்டிகேட்டரைப் போட்டு, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, முடிந்தவரை ஓரமாக நிறுத்திய பிறகே ஹசார்டு. நடுத்தடுப்பை ஒட்டி வலப்புறம் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நில்லுங்கள். காருக்குள் உட்கார்ந்து காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

இனி எச்சரிக்கை முக்கோணம். பத்து அடி தள்ளி வைத்துவிட்டு வருகிறார்களே, அது போதாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு சுமார் 28 மீட்டர் ஓடுகிறது. பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 42 மீட்டர் போய்விடும். பிறகு வண்டி நிற்க, காய்ந்த சாலையிலேயே இன்னும் ஐம்பது அறுபது மீட்டர். ஆக, காருக்குப் பின்னால் நூறு மீட்டர் வேண்டும்; நடந்தால் ஏறத்தாழ 130 காலடி. பாலத்தின் இறக்கமோ வளைவோ இருந்தால் அதற்கும் முன்னால் வையுங்கள். நடக்கும்போது தடுப்புக்கு வெளியே, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, முக்கோணத்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போங்கள். முக்கோணத்துக்குப் பதிலாகக் கல்லையும் ஒடித்த கிளையையும் சாலையில் போட்டு, கிளம்பும்போது அப்படியே விட்டுப்போகிறார்கள். அடுத்து வரும் பைக்காரர் அதில் மோதி விழுந்தால் யார் பொறுப்பு?

பிறகு 1033. தேசிய நெடுஞ்சாலைகளுக்கான இலவச உதவி எண் அது. இரவும் பகலும் இயங்கும். எந்தத் திசையில் போகிறீர்கள், கடைசியாகக் கடந்த சுங்கச்சாவடி எது, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னால் ரோந்து வண்டி தேடி அலையாது. மாநிலச் சாலையானால் 112. யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.

காத்திருக்கும் நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட், மூடியைத் திறந்ததும் முகத்தில் பீறிட்டு அடிக்கும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறட்டும்.

அடுத்த பயணத்துக்கு முன் டிக்கியைத் திறந்து, முக்கோணம் இருக்கிறதா, அதன் கால்கள் சரியாக விரிகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.